காவலாளியின் தலை ஏன் வெடுக்கென்று தாவுகிறது?

"என் கேமில் வேலூர் கோட்டை வாசல் காட்சி. காவலாளி பிளேயரைத் தலை திருப்பிப் பார்க்கிறான். பிளேயர் பின்பக்கம் போனால் தலை சட்டென்று மறுதோளுக்குத் தாவுகிறது. கிளாம்ப் 70 டிகிரி. ஏன்?"

கிளாம்ப் மட்டும் போதாது. பிளேயர் காவலாளியின் முதுகுக்கு நேர் பின்னால் கடக்கும்போது yaw கோணம் 179-லிருந்து -179 ஆகிறது. உடனே கிளாம்ப் ஆன தலையும் 70-லிருந்து -70-க்குப் போகிறது. அந்த இடம் வருவதற்குள், தலை பிளேயரைப் பார்க்கும் வெயிட் பூஜ்யமாகிவிட வேண்டும்:

```
w = 1 - smoothstep(70, 110, abs(yaw))
```

110-க்கு மேல் தலை தன் வழக்கமான அனிமேஷனிலேயே இருக்கும். yaw-வை மார்பு எலும்பின் முன்திசையிலிருந்து அளவிடுங்கள். தலையிலிருந்து அளந்தால், திரும்பிய தலையே கோணத்தைக் குறைத்துவிடும், தலை நடுங்கும்.

அப்புறம் கண்கள். அவை முதலில், வேகமாகத் திரும்பட்டும், 25 டிகிரி வரை. தலை மெதுவாகப் பின்தொடரும்போது கண்மணி நடுவுக்குத் திரும்ப வேண்டும். எனக்குக் காவலாளி உயிரோடு தெரிந்தது அப்போதுதான்.