சலூனில் பாட்டு ஒலிக்க உரிமம் வேண்டுமா? நோட்டீஸுக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: மதுரையில் மூன்று நாற்காலி போட்டு சலூன் நடத்துகிறேன். மாதச் சந்தா கட்டிய ஆப்பிலிருந்து புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு மெதுவாக ஓடும், சில நேரம் எஃப்.எம். ஓடும். உரிமம் இல்லாமல் பாட்டுப் போடுகிறேன், ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் வழக்கு என்று ஒரு நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் காசு கொடுத்துத்தானே கேட்கிறேன்? இவர்களுக்கும் கட்ட வேண்டுமா?

பதில்: உரிமம் வேண்டும். ஆனால், நோட்டீஸ் அனுப்பியவருக்குத்தான் கட்ட வேண்டும் என்றோ, அவர் கேட்ட தொகையைத்தான் கட்ட வேண்டும் என்றோ அதற்குப் பொருள் இல்லை. நோட்டீஸ்கள் இவை எல்லாவற்றையும் ஒன்றாக்கி எழுதப்படுவதால்தான், கடைக்காரர்களில் ஒரு சாரார் பயந்து உடனே பணம் கட்டிவிடுகிறார்கள், மறு சாரார் மோசடி என்று கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் தவறு.

முதலில் சந்தாவைப் பார்ப்போம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒரு பாட்டைக் கேட்கும் உரிமையையும் அதைப் பொதுமக்களுக்கு ஒலிபரப்பும் உரிமையையும் வெவ்வேறாக வைத்திருக்கிறது. பின்னது 14ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கே உரியது. பொதுமக்கள் கேட்கும்படி ஒரு படைப்பைக் கிடைக்கச் செய்தாலே போதும், யாராவது உண்மையில் கேட்டார்களா என்று பார்க்க வேண்டியதில்லை என்று அச்சட்டத்தின் வரையறை சொல்வதால், ஒலியளவு குறைவாக இருந்தது என்பதும், பாட்டுக்கென்று வாடிக்கையாளரிடம் தனியாகக் காசு வாங்கவில்லை என்பதும் இந்த இடத்தில் உதவாது. நீங்கள் கட்டும் மாதச் சந்தா முதல் உரிமைக்கு மட்டுமே. ஸ்பாட்டிஃபை, யூடியூப் இரண்டின் பயன்பாட்டு விதிகளும் தனிப்பட்ட, வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி என்று எழுதியிருக்கின்றன. விளம்பரம் வராத உயர் சந்தாவுக்கு மாறினாலும் இந்த நிபந்தனை மாறாது. வாடிக்கையாளர் தம் செல்போனில் இயர்போன் மாட்டிக் கேட்டால் அது அவருடைய தனிப்பட்ட கேட்பு. அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

சட்டத்தின் 52ஆம் பிரிவில் சில விலக்குகள் உண்டு. குடியிருப்புகளில் அங்கு வசிப்பவர்களின் பொதுக்கூடத்திலும், லாப நோக்கமில்லாத மன்றங்களின் செயல்பாட்டிலும் இசைத்தட்டை ஒலிக்கச் செய்வதும், திருமணம் உள்ளிட்ட சமயச் சடங்குகளில் இசைப்பதும் அவற்றில் அடங்கும். சிறு கடை என்பதற்கென்று அதில் விலக்கு எதுவும் இல்லை. எஃப்.எம். விஷயம் சற்றுச் சிக்கலானது. நிலையம் உரிமக் கட்டணம் கட்டுகிறது என்றாலும், அது நிலையத்தின் ஒலிபரப்புக்கானது. அந்த ஒலிபரப்பை ஒரு வணிக இடத்தில் ஸ்பீக்கர் வழியாக மக்களுக்கு எட்டச் செய்வது தனிச் செயல் என்று உரிமையாளர்கள் வாதிடுவார்கள். நிலையத்தின் சொந்த உரிமையை மீறியதாக்க, மக்களிடம் கட்டணம் வாங்கிக் கேட்கச் செய்திருக்க வேண்டும் என்று 37ஆம் பிரிவு கூறுவதால் அந்தப் பக்கம் உங்களுக்குச் சாதகம் உண்டு. ஆனால் பாட்டின் உரிமையாளர்கள் பக்கம் அந்தச் சாதகம் தானாக வராது. ரேடியோ போட்டால் தொல்லையில்லை என்று பலரும் நம்புவதை நான் ஏற்க மாட்டேன்.

இனி, யாருக்குக் கட்டுவது என்பதுதான் இந்த விவகாரத்தின் கடினமான பகுதி. ஒரு பாட்டுக்குள் மூன்று படைப்புகள் இருக்கின்றன: பாடல் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. ஒவ்வொன்றின் காலமும் வேறு. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். வரிகளுக்கும் மெட்டுக்கும், அவற்றை ஆக்கியவரின் ஆயுளும், அவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும். 1962இல் வெளியான ஒரு திரைப்பாடலை உங்கள் கடையில் போடுகிறீர்கள் என்று கொள்வோம். அந்த ஒலிப்பதிவின் உரிமை 2022 முடிவோடு முடிந்துவிட்டது. வரிகள் 1981இல் மறைந்த கண்ணதாசனுடையவை என்றால் அவற்றின் உரிமை 2041 முடியும்வரை தொடரும். மெட்டு 2015இல் மறைந்த எம்.எஸ். விஸ்வநாதனுடையது என்றால் 2075 முடியும்வரை தொடரும். வேறொரு பாட்டின் வரிகள், 1959இல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் வாழ்ந்தபோதே வெளியானவை என்றால் அவை 2019 முடிவோடு பொதுவுடைமையாகிவிட்டன, ஆனாலும் மெட்டு இன்னொருவருடையதாக நிற்கும். தியாகராஜர் கீர்த்தனைக்கு இது தலைகீழாகப் பொருந்தும்: கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் 1990இல் வெளியான அதன் வீணைப் பதிவு ஒரு நிறுவனத்தின் சொத்து. ஆகவே "பழைய பாட்டு, பக்திப் பாட்டு மட்டும்தான் போடுகிறேன்" என்று எழுதி நோட்டீஸுக்குப் பதிலளிப்பது பாதுகாப்பான பதில் அல்ல.

இந்த அடுக்குகளுக்கு ஏற்ப வசூலிப்பவர்களும் வேறுபடுகிறார்கள். வரிகள், மெட்டு ஆகியவற்றுக்காக வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம், இது 33ஆம் பிரிவின்படி பதிவுபெற்ற பதிப்புரிமைச் சங்கம். ஒலிப்பதிவுகளுக்கு அவ்வாறு பதிவுபெற்ற சங்கம், 2021இல் பதிவான ஆர்.எம்.பி.எல். இவற்றைத் தவிர, நிறுவனங்களிடமிருந்து உரிமை மாற்றம் பெற்றுக்கொண்டு, பதிவுபெற்ற சங்கமாக இல்லாமலேயே கடைகளிடம் உரிமக் கட்டணம் கேட்போரும் உள்ளனர். பி.பி.எல்., நோவெக்ஸ் ஆகியவை இவ்வகையில் நீதிமன்றங்களில் பேசப்பட்டவை. அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே கருத்தில் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நோவெக்ஸ் தொடுத்த வழக்குகளில், பதிவுபெற்ற சங்கமாக இல்லாதவர் உரிமம் வழங்கும் தொழில் செய்ய முடியாது என்று 2021 டிசம்பரில் ஒரு தனி நீதிபதி தீர்ப்பளித்தார். பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில், உரிமை மாற்றம் பெற்றவரும் உரிமையாளர்தான், 30ஆம் பிரிவின்படி அவர் தாமே உரிமம் தரலாம் என்று எதிராகச் சொன்னது. 2025 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பி.பி.எல். வழக்கொன்றில், சங்கமாகப் பதிவு பெறாமலோ சங்கமொன்றின் உறுப்பினராக இல்லாமலோ உரிமம் வழங்க முடியாது என்றது; ஆர்.எம்.பி.எல். கட்டண விகிதத்தில் பணம் கட்டும்படி அதே உத்தரவில் இருந்த பகுதியை உச்ச நீதிமன்றம் அந்த மாதமே நிறுத்தி வைத்தது. மதுரையில் இருக்கும் உங்களுக்குச் சென்னைத் தீர்ப்பு மிக நெருக்கமானது. எனினும் பதிலில் அதைக் குறிப்பிடுவதற்கு முன், இன்றைய நிலையை உங்கள் வழக்கறிஞர் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே நோட்டீஸுக்கு உரிய காலத்துக்குள் எழுத்துமூலம் பதில் அனுப்புங்கள். அதில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், ஆவணம் கேளுங்கள். நீங்கள் பதிவுபெற்ற சங்கமா, ஆம் என்றால் பதிவுச் சான்று எங்கே, இல்லையென்றால் எந்த ஒப்பந்தத்தால் உரிமை வந்தது, எந்தெந்தப் பாடல்கள் எந்தத் தேதியில் என் கடையில் ஒலித்ததாகச் சொல்கிறீர்கள், கட்டணம் எந்த விகிதப்படி கணக்கிடப்பட்டது என்பவைதான் கேட்க வேண்டியவை. சங்கம் தன் கட்டண விகிதத்தை வெளியிட வேண்டும் என்பது 33ஏ பிரிவு. அந்த விகிதம் அதிகம் என்று கருதுபவர் மேல்முறையீடு செய்யவும் அப்பிரிவு வழி தருகிறது. உரிமைப் பத்திரத்தையும் பாடல் பட்டியலையும் காட்டாமல் தொகையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்பவர் எழுதும் இரண்டாவது கடிதம் உங்களுக்கு நிறையச் சொல்லிவிடும். ஆதாரமற்ற வழக்கு மிரட்டலுக்கு எதிராக நீதிமன்றத்தை அணுக 60ஆம் பிரிவு இடம் தருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதே சமயம், நோட்டீஸ் வந்த நாளிலிருந்து உங்கள் நிலை மாறிவிட்டது. 51ஆம் பிரிவின்படி, தன் இடத்தை லாபத்துக்காக இத்தகைய ஒலிபரப்புக்கு விடுபவரும் மீறியவரே. மீறல் என்று தெரியாது, சந்தேகிக்கக் காரணமும் இல்லை என்பது அவருக்கு ஒரு தற்காப்பு. கையில் நோட்டீஸை வைத்துக்கொண்டு அந்தத் தற்காப்பைப் பேச முடியாது. பாட்டுப் போட்டது ஊழியரின் செல்போன்தான் என்று சொன்னாலும் கடை உங்களுடையது. தெரிந்தே மீறுவது 63ஆம் பிரிவின்படி குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பிணையில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியிருக்கிறது. ஆகவே ஆவணம் வரும்வரை சந்தாப் பாட்டை நிறுத்திவைப்பதே என் ஆலோசனை.

இசையே இல்லாமல் கடை நடத்த வேண்டியதில்லை. கடைகளுக்கென்றே உரிமம் பெற்ற பின்னணி இசையைத் தரும் சேவைகள் உள்ளன. அவற்றின் ஒப்பந்தத்தில், வணிக இடத்தில் பொதுமக்களுக்கு ஒலிக்கும் உரிமை அடங்கும் என்ற வாசகமும், வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் அதில் சேர்ந்தவையா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். திரைப்பாடல்தான் வேண்டும் என்றால் பதிவுபெற்ற சங்கங்களிடம் உரிமம் கேளுங்கள். 2012 திருத்தத்துக்குப் பின் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமை தனியாக நிற்பதால், ஒலிப்பதிவு உரிமம் ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு முழுமை என்று எண்ண வேண்டாம். ஒலிப்பதிவு உரிமமே போதும் என்ற பழைய தீர்ப்புகள் திருத்தத்துக்கு முந்தைய சட்டத்தை வைத்துச் சொல்லப்பட்டவை.

எந்த உரிமம் வாங்கினாலும் அதில் உங்கள் கடையின் பெயர், முகவரி, கணக்கிட்ட பரப்பளவு, காலம் ஆகியவை சரியாக உள்ளனவா என்று பாருங்கள். சரக்கு வைக்கும் அறையும் கழிவறையும் பரப்பளவில் சேர்க்கப்பட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். பணம் கட்டும்போது ஜி.எஸ்.டி. ரசீது வாங்குங்கள்; கடந்த காலத்துக்கு இனி உரிமை கோர மாட்டோம் என்ற கடிதத்தையும் கேளுங்கள், ஏனெனில் இன்று தொடங்கும் உரிமம் நேற்றைய பயன்பாட்டைத் தானாகத் தீர்த்துவிடாது. இரண்டாவது கிளைக்கு இந்த உரிமம் செல்லுமா என்பது தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆண்டு விழாவுக்குப் பாடகரை அழைத்து நடத்தும் நிகழ்ச்சியும், முடி வெட்டும் காட்சிக்குப் பாட்டுச் சேர்த்து நீங்கள் போடும் ரீல்ஸும் பின்னணி இசை உரிமத்துக்குள் வராது. ரீல்ஸுக்கு, காட்சியோடு பாட்டைச் சேர்க்கும் வேறொரு உரிமை வேண்டும்.