வீட்டு மெஷினில் பிரஷர் கூடக் காட்டுவது ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு வீட்டில் பார்த்தால் 158, கிளினிக்கில் 138. மெஷின் பிழையா? நாங்கள் திருகோணமலை.

வழமையில் கிளினிக்கில்தான் கூடக் காட்டும். வீட்டில் கூடினால் மெஷினைக் குறை சொல்வதற்கு முன் கைப்பட்டியைப் பாருங்கள்.

தோள் எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவில், தையல் நாடாவால் அம்மாவின் கைச் சுற்றளவை அளந்து பாருங்கள். 35 செ.மீ வருகிறது என்று வைப்போம். மெஷினோடு வந்த பட்டியில் 22–32 என்று இருந்தால் அது அவவுக்குச் சிறிது. சிறிய பட்டியின் காற்றுப்பை கையைப் போதியளவு சுற்றாது. நாடியை நசுக்கக் கூடுதல் அமுக்கம் தேவைப்படும், அந்தக் கூடுதல்தான் திரையில் தெரியும். ஓர் அளவு சிறிய பட்டி சராசரியாக 5 கூட்டும், இரண்டு அளவு சிறிதென்றால் 20க்குக் கிட்டக் கூட்டும். 32–42 அல்லது 22–42 பட்டியை அதே கொம்பனியில், அந்த மொடலுக்கென்றே வாங்குங்கள். வேறு கொம்பனிப் பட்டி குழாயில் பொருந்தினாலும் கணக்குப் பிழைக்கலாம்.

அடுத்தது இருக்கிற விதம். பாயில் சம்மணம் கட்டி, கையை மடியில் வைத்துப் பார்க்கிறீர்களா? கை நெஞ்சு மட்டத்துக்கு 10 செ.மீ கீழே இருந்தாலே 7, 8 கூடிவிடும். சாய்மானக் கதிரையில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் நிலத்தில் பட, காலுக்கு மேல் கால் போடாமல் இருக்கட்டும். மேசையில் தலையணை வைத்து, பட்டி நெஞ்சின் நடுமட்டத்துக்கு வரும்படி கையை அதில் கிடத்துங்கள். பட்டி வெறுங்கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. சட்டைக் கையைச் சுருட்டி இறுக்க வேண்டாம்.

கோணேசர் கோவில் மேடு ஏறி வந்த கையோடு பார்க்க வேண்டாம். நடை, தேத்தண்ணி எதுவானாலும் அரை மணித்தியாலம் போகட்டும். சலம் கழித்துவிட்டு, 5 நிமிடம் பேசாமல் இருந்த பிறகு பட்டனை அழுத்துங்கள். பட்டி ஊதும்போது "எவ்வளவு காட்டுது?" என்று கேட்டாலே கூடும்.

முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். கூடக் காட்டும் கைதான் இனி எப்போதும். 7 நாள், காலையில் குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் முன், இரவு படுக்க முன், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தரம் பாருங்கள். நல்ல இலக்கத்தை மட்டும் பொறுக்கி எழுதினால் டொக்டருக்கு அது உதவாது. கொப்பியில் ஒரு வரி இப்படி இருக்கட்டும்: "காலை 6.30, குளிசைக்கு முன், இடது கை, 144/86, 140/84, நாடி 76. இரவு நித்திரை இல்லை."

முதல் நாளை விட்டு, மிச்ச 24 அளவுக்கும் சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85ஐத் தொட்டால் அது உயர் பிரஷர்தான். பட்டி மாற்றியும் இறங்கவில்லையென்றால் கிளினிக்கின் 138ஐ நம்பி இருக்க வேண்டாம், கொப்பியோடு போங்கள். குளிசையை நீங்களாகக் கூட்டிக் குறைக்கவும் வேண்டாம். 180/120க்கு மேல் போய், நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், வாய் கோணல் ஏதாவது இருந்தால் திரும்ப அளந்துகொண்டிராமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.