ஃப்ரிட்ஜ் கணக்கு மட்டும் ஏன் உதைக்கிறது?

கேள்வி: வீட்டில் மாதம் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பார்க்க, ஒவ்வொரு சாதனத்துக்கும் வாட்ஸ், மணி நேரம் போட்டு அட்டவணை தயாரித்தேன். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் மாதம் 108 யூனிட் வருகிறதே, சரியா?

இல்லை. 150 வாட்ஸை 24 மணி நேரத்தால் பெருக்கியிருப்பீர்கள். ஃப்ரிட்ஜ் நாள் முழுக்க ஆனில் இருந்தாலும் கம்ப்ரசர் விட்டுவிட்டுத்தான் ஓடும். உள்ளே குளிர் போதுமானதும் அந்த உறுமல் நின்றுவிடும், கவனித்துப் பாருங்கள். மொத்தம் 8 மணி நேரம் ஓடுவதாக வைத்தால்:

| சாதனம் | வாட்ஸ் | தினம் (மணி) | மாத யூனிட் |
|---|---|---|---|
| ஃப்ரிட்ஜ் | 150 | 8 | 36 |
| ஃபேன் | 75 | 12 | 27 |
| வாட்டர் ஹீட்டர் | 2000 | ½ | 30 |
| எல்இடி பல்பு | 10 | 6 | 1.8 |

வாட்ஸ் × மணி × 30 ÷ 1000, அவ்வளவுதான்.

அந்த 8 மணி நேரம் தோராயம்தான். வெயில் காலத்திலும், கதவு ரப்பர் தளர்ந்திருந்தாலும் கூடும். ஃப்ரிட்ஜின் லேபிளில் ஆண்டு யூனிட் போட்டிருந்தால் அதை 12ஆல் வகுத்து எழுதுங்கள். என் கணக்கைவிட அது நம்பகமானது. ஹீட்டரிலும் சூடு போதுமானதும் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் உண்டு, சூடேறும் நேரத்தை மட்டும் எண்ணுங்கள்.