மாங்கூழ் ஆலை பில்களில் எத்தனையைப் பார்த்தால் போதும்?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சீசன் முடிந்து பழம் கொள்முதல் பில்கள் மட்டும் 1,500 சேர்ந்துவிட்டன. ஆடிட்டர் வர 4 நாள்தான் இருக்கிறது. கொஞ்சம் பில்களை எடுத்துப் பார்த்தால் போதுமா? எத்தனை, எப்படி எடுப்பது?

பதில்:

ஒரு பில்லை முறையாகப் பார்ப்பதென்றால் எடைமேடைச் சீட்டு, கேட் பதிவேடு, அன்றைய விலைத்தாள், பணம் கொடுத்த பதிவு ஆகிய நான்கோடும் ஒப்பிட வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். 1,500 பில்லுக்கு 250 மணி நேரம் உங்களிடம் இல்லை. 25 மணி நேரம் இருக்கிறது. ஆகவே 150 பில் பார்க்கலாம். அந்த 150 எவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதற்கு முன், கணினியே எல்லாப் பில்லிலும் பார்க்கக்கூடியதை மாதிரிக்கு விடாதீர்கள். ஒரே லோடுக்கு இரண்டு பில் போட்டிருப்பதை மாதிரி எடுத்துப் பிடிக்கவே முடியாது. 1,500 பில்லில் அப்படி ஒரு ஜோடி இருந்து, நீங்கள் 60 பில் எடுத்தால், இரண்டும் சேர்ந்து உங்கள் கையில் வரும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டுகூட இல்லை. எக்ஸெலில் வண்டி எண், தேதி, நிகர எடை மூன்றும் C, D, E பத்திகளில் இருந்தால் முதல் சூத்திரம் போதும். 1-க்கு மேல் வரும் வரிகளைத் தனியே எடுங்கள். எடையை விலையால் பெருக்கினால் தொகை வருகிறதா என்பதை இரண்டாவது சொல்லும் (F விலை, G தொகை; கழிவைத் தொகையிலிருந்து கழிப்பவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்).

```
=COUNTIFS(C:C,C2,D:D,D2,E:E,E2)
=ROUND(E2*F2-G2,2)
```

இது அரை மணி நேர வேலை. புதிய மாம்பழத்துக்கு ஜிஎஸ்டி இல்லாததால் அரசுத் தளத்தோடு ஒப்பிடும் குறுக்குவழி இந்தப் பில்களுக்கு உதவாது. மிச்சமெல்லாம் காகிதத்தைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.

பிறகு பில்களைத் தொகைவாரியாக அடுக்குங்கள். மண்டி வியாபாரிகளின் பெரிய லாரி லோடுகள் மேலே வரும். மேலே உள்ள 90 பில்லை விடாமல் பாருங்கள். பணத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். மீதி 1,410-ல் பெரும்பாலும் விவசாயிகளின் டிராக்டர் லோடுகள். இவற்றில் 60-ஐக் குலுக்கலில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் =RAND() போட்டு, வந்த எண்களை நகலெடுத்து மதிப்பாக ஒட்டிவிட்டு (ஒட்டாவிட்டால் ஒவ்வொரு முறையும் எண் மாறிக்கொண்டே இருக்கும்), அதன்படி அடுக்கி, முதல் 60-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை அப்படியே வைத்திருங்கள், ஆடிட்டர் கேட்பார்.

கோப்பைத் திறந்து கைக்கு வந்ததை உருவுவது குலுக்கல் ஆகாது. கை எப்போதும் தெளிவாக எழுதிய, கசங்காத பில்லையே நாடும். தகராறான பில் கசங்கியிருக்கும், அடித்துத் திருத்தியிருக்கும். 23-ஆவது பில், 46-ஆவது பில் என்று எண்ணி எடுப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு: நாளொன்றுக்கு ஏறக்குறைய அத்தனை லோடுதான் வருகிறது என்றால், காலையில் வரும் முதல் வண்டிகளே திரும்பத் திரும்ப உங்களிடம் மாட்டும்.

குலுக்கலில் வந்த பில்லைத் தேடிக் காணவில்லையா? அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். கூடாது. காணாமல் போன பில், கிடைக்கும்வரை தவறான பில் என்றே கணக்கு. காணாமல் போவதற்கும் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்.

இனி, 60-லும் தவறே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதனால் 1,410-ம் சுத்தம் என்று ஆகிவிடாது. மூன்றைப் பார்த்த பில்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: 3/60, அதாவது 5 சதவீதம். உண்மையில் 5 சதவீதப் பில்கள் தவறாக இருந்தாலும், 60 எடுக்கும்போது ஒன்றுகூடச் சிக்காமல் போக நூறில் ஐந்து வாய்ப்பு இருக்கிறது. ஆகவே நீங்கள் எழுத முடிந்தது, ‘தவறு 70 பில்லைத் தாண்டாது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்’ என்பது மட்டுமே. இந்த எல்லையை 1 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டுமானால் ஏறக்குறைய 300 பில் பார்க்க வேண்டும். நான்கு நாளில் நடக்காது. முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்று தவறு கிடைத்தது என்றால்? மூன்றிலும் கூடுதலாகக் கொடுத்த பணம் சேர்ந்து 2,860 ரூபாய் என்று வையுங்கள். பில்லுக்குச் சராசரியாக ஏறக்குறைய 48 ரூபாய், 1,410-க்கு ஏறத்தாழ 67,000. இந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 60-ல் 3 என்றால் உண்மையான தவறு விகிதம் 1 சதவீதமாகவும் இருக்கலாம், 14 சதவீதமாகவும் இருக்கலாம். 67,000 என்பது அவ்வளவு ஆட்டம் உள்ள மதிப்பீடு. இன்னும் தோண்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அது உதவும், அவ்வளவுதான். அதை வைத்து எந்த விவசாயியின் நிலுவையிலும் ஒரு ரூபாய் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டுமானால் அவருடைய பில்லிலேயே தவறைக் காட்ட வேண்டும்.

ஆகவே விகிதத்தைவிடத் தவறின் காரணத்தில் நேரம் செலவிடுங்கள். எங்கள் பக்கத்து ஆலைகளில் அடிக்கடி காண்பது இது: அழுகல் பழத்துக்கான கழிவை எடைமேடைச் சீட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருப்பார்கள், பில் போடுபவர் அச்சடித்த நிகர எடையை மட்டும் பார்த்துப் போட்டிருப்பார். மூன்று தவறில் இரண்டு இப்படி, இரண்டுமே இரவு வந்த லோடு என்றால், கேட் பதிவேட்டிலிருந்து இரவு லோடுகளை எல்லாம் எடுத்துச் சீட்டின் ஓரத்தை மட்டும் பாருங்கள். ஒரு பில்லுக்கு ஒரு நிமிடம், 160 லோடு இருந்தாலும் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். இங்கே பிடிபடும் தவறுகளைத் தனிப் பட்டியலாக வையுங்கள். 60-ன் கணக்கோடு சேர்த்தால் விகிதம் வீங்கிவிடும், ஏனென்றால் இவற்றை நீங்கள் சந்தேகப்பட்டுத் தேடி எடுத்தீர்கள், குலுக்கலில் எடுக்கவில்லை.

பில் பட்டியலிலிருந்து எடுக்கும் மாதிரிக்குத் தெரியாத ஒன்று உண்டு: பழம் உள்ளே வந்து பில்லே போடாத லோடு. அது பட்டியலில் இல்லாததால் எத்தனை முறை குலுக்கினாலும் வராது. அதற்குக் கேட் பதிவேட்டிலிருந்து ஒரு 25 லோடைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பில் இருக்கிறதா என்று எதிர்த்திசையில் தேடுங்கள். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பதால் ஒரு மணி நேரம் போதும். பதிவேட்டில் சீசனின் கடைசி வாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பில் போடாமல் நிற்கும் லோடுகள் பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கும்.