வகுப்பறையின் ஆழமும் சன்னலின் உயரமும்

தொடக்கப் பள்ளிக்கு நான்கு வகுப்பறைகள் கொண்ட தொகுப்பை வடிவமைக்கிறேன். அறையின் அளவையும் திசையையும் எப்படித் தீர்மானிப்பது?

சன்னலின் மேல்விளிம்பிலிருந்து தொடங்குங்கள். பகல் வெளிச்சம் பொதுவாக அந்த உயரத்தின் இரு மடங்கு தொலைவு வரைதான் பயன்படும் அளவில் உள்ளே வரும். மேல்விளிம்பு 2.4 மீட்டரில் இருந்து, அறையின் ஆழம் 6 மீட்டராக இருந்தால், கடைசி ஒரு மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான பகுதி மங்கிவிடும். ஆகவே எதிர்ச்சுவரிலும், நடைவழிக் கூரைக்கு மேலாக, உயரச் சன்னல்கள் வேண்டும்.

நீள்சுவர்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கட்டும். தாழ்வாக விழும் காலை, மாலை வெயிலை இது பெரிதும் தவிர்க்கும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, வெப்பமான இடங்களில், நடைவழியைத் தெற்கில் வைத்தால் அதன் கூரையே சுவருக்கு நிழலாகும். நடைவழிக்குள் திறக்கும் கதவில் ஓடிவரும் குழந்தை மோதும் என்பதால், கதவைச் சுவரிலிருந்து உள்வாங்கி அமையுங்கள். இதைப் பலர் மறக்கிறார்கள். விளையாட்டு முற்றம் வண்டிப் பாதைக்கு எதிர்ப்புறத்தில், வகுப்பறையிலிருந்தே ஆசிரியர் பார்க்கும்படி இருக்க வேண்டும்.