ஃப்ரீ த்ரோ: இரண்டு தட்டு, ஒரு மூச்சு

"தர்மபுரியில் பள்ளி மாணவிகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறேன். பயிற்சியில் விழும் ஃப்ரீ த்ரோ போட்டியில் விழுவதில்லை. என்ன செய்யலாம்?"

நடுவர் பந்தைத் தந்ததும் 5 விநாடிகள்தான். அதற்குள் அடங்கும் ஒரே வரிசையைப் பயிற்சியிலும் மாற்றாமல் பழக்குங்கள்: இரண்டு முறை தட்டு, மூச்சை விடு, வளையத்தைப் பார், எறி.

கிருஷ்ணகிரியில் நான் பழக்கிய, வலது கையால் எறியும் சிறுமிக்குப் பந்து வலப்பக்கமே விலகியது. முழங்கையைத் திருத்தினேன், பயனில்லை. அருகில் நின்று கவனித்தபோதுதான், பந்தை விடும் கணத்தில் இடது கட்டைவிரல் அதைத் தள்ளுவது தெரிந்தது. பந்து பக்கவாட்டில் சுழன்றால் இதுதான் காரணமா என்று பாருங்கள்.

"இடக்கை தாங்கும், தள்ளாது" என்று மட்டும் சொன்னேன். வளையத்துக்கு அருகிலிருந்து ஒற்றைக் கையால் எறியவைத்து, பிறகே கோட்டுக்கு அனுப்பினேன். பந்து வளையத்தை எட்டாவிட்டால் கையைத் திருத்தாதீர்கள்; முழங்காலை மடக்கச் சொல்லுங்கள்.