தலைவலிக்குப் பாராசிட்டமாலா, இபுபுரூஃபனா?

"தலைவலிக்கு எது நல்லது, ஒரு நாளைக்கு எவ்வளவு போடலாம்?"

வயிற்றுக்குத் தொல்லை குறைவு என்பதால் பெரியவர்களுக்கு நான் முதலில் சொல்வது பாராசிட்டமால்தான். ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., 24 மணி நேரத்தில் 4000 மி.கி.யைத் தாண்டவே கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு 500 மாத்திரை போட்டாலே 4000 ஆகிவிடும், அப்புறம் சளிக்கென்று மூன்று மாத்திரை, அதிலும் தலா 500 பாராசிட்டமால் இருந்தால் மொத்தம் 5500. கல்லீரல் கெடலாம், முதல் நாள் ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். அதனால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கல்லீரல் நோய், தினசரிக் குடி இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

இபுபுரூஃபன் வீக்கத்தையும் குறைக்கும். சாப்பிட்ட பிறகு 200 முதல் 400, நாமாக வாங்கிப் போட்டால் நாளுக்கு 1200 வரை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், கர்ப்பம், இரத்தம் உறையாமலிருக்க மருந்து, வலி மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா இருப்பவர்கள் தொடவே வேண்டாம்.